‘அலைந்தேன்’ என்பதை ‘நடந்தேன்’ என்று எழுதுகிறவர்களுக்கு

சற்று நீண்ட பதிவு. மொழியியல், மொழிபெயர்ப்பு, சமூகவியல் களஆய்வு ஆகியவற்றில் இருக்கும் நண்பர்களும் மாணவர்களும் பொறுமையாகப் படித்து மறுக்க வேண்டியதை மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அண்மையில் ஒரு கருத்தரங்கில் ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. எந்த நிறுவனம், யார் என்பது இங்கே தேவையில்லை. கட்டுரையின் வாதம் தனியொருவருடையதன்று, பல வகுப்பறைகளில் பாடமாகவே சொல்லப்படுவது. ஆங்கிலத்தில் நடையைக் குறிக்க ஸ்ட்ரோல், ட்ரட்ஜ், ஸ்ட்ரைட் எனத் தனித்தனி வினைகள் உண்டு. ஒவ்வொன்றும் நடப்பவரின் மனநிலையைத் தன்னுள்ளேயே சுமக்கிறது. தமிழிலோ ‘நட’ என்ற ஒரே வினைதான், மனநிலையைச் சொல்ல ‘மெதுவாக’, ‘சோர்வாக’, ‘வேகமாக’ என்று அடை சேர்த்தாக வேண்டும். ஆகவே தமிழர் நடையைப் பற்றிப் பேசும்போது உணர்வைச் சொல்லாமல் விடுவதே இயல்பு. இதற்குச் சான்றாக அட்டவணை ஒன்றைக் காட்டினார்கள். பெங்களூரு சிவாஜிநகரில் தமிழ் பேசும் முதியவர்களிடம் எடுத்த நேர்காணல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து அது தயாரிக்கப்பட்டிருந்தது. ஒரு பத்தியில் ‘இயக்க வினை’, அடுத்த பத்தியில் ‘உணர்வு’. இரண்டாம் பத்தியில் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே இருந்தது.

நான் குடியிருப்பது ரசல் சந்தைக்குப் பின்புறம். அந்த நேர்காணல்கள் எடுக்கப்பட்ட தெருக்களில்தான் நாள்தோறும் நடக்கிறேன். ஒலிப்பதிவுகளைக் கேட்க அனுமதி கேட்டேன், பெருந்தன்மையோடு தந்தார்கள். கேட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஓர் அம்மையார், பூக்கட்டி விற்பவர், முதியோர் ஓய்வூதியம் பற்றிக் கேட்டபோது இப்படிச் சொல்கிறார்: “பென்சனுக்கு ஒரு வருசம் நடையா நடந்தேன்பா. ஆபீசு ஆபீசா அலைய விட்டாங்க. பையன் ஒருத்தன் இருக்கான், எங்க திரியறானோ தெரியல.” ஆங்கிலத்தில் இது என்னவாயிற்று தெரியுமா? ஓய்வூதியத்துக்காக ஓராண்டு நடந்தேன். அவர்கள் என்னைப் பல அலுவலகங்களில் உலவ அனுமதித்தார்கள். என் மகன் எங்கோ நடந்துகொண்டிருக்கிறான். மூன்று வாக்கியங்களுக்கும் உணர்வுப் பத்தியில் ‘இல்லை’. அனுமதித்தார்களாம்! ஓராண்டு இழுத்தடித்த அலுவலகங்கள் ஆய்வுக்குள் நுழைந்ததும் தாராளம் மிக்கவை ஆகிவிட்டன. ‘இல்லை’ என்று குறித்தவர் அந்தக் குரலைக் கேட்கவில்லை, மொழிபெயர்ப்பைத்தான் பார்த்தார் என்பது அவருக்கு ஒரு சமாதானமாக இருக்கலாம். ஆனால் அந்த அட்டவணையிலிருந்து ‘தமிழர் உணர்வைச் சொல்வதில்லை’ என்ற முடிவுக்குப் போக யார் உரிமை தந்தார்கள்?

எதிர்த்தரப்பில் உண்மை இருக்கும் இடத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். லெனர்ட் டால்மி 1985இல் விரிவாக எழுதிய வகைப்பாட்டின்படி, சில மொழிகள் ‘எங்கே போனான்’ என்பதை வினையிலேயே வைக்கும்; சில மொழிகள் ‘எப்படிப் போனான்’ என்பதை வினையில் வைத்து, திசையை வேறொரு சிறு சொல்லிடம் ஒப்படைக்கும். ஆங்கிலம் இரண்டாம் வகை. பெத் லெவின் 1993இல் வெளியிட்ட ஆங்கில வினை வகுப்புகள் பற்றிய நூலில் இத்தகைய இயக்க முறை வினைகள் நூற்றுக்கும் மேல் ஒரே பட்டியலாக நிற்கின்றன. தமிழ் முதல் வகையைச் சார்ந்து நிற்கிறது என்பதில் எனக்கு வழக்கில்லை. ‘தள்ளாடியபடி உள்ளே நுழைந்தார்’ என்றுதான் நாம் சொல்கிறோம். ‘உள்ளே தள்ளாடினார்’ என்றால் உள்ளே இருந்துகொண்டே தள்ளாடினார் என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் ஒருவர் கடைக்கு ‘ஸ்ட்ரோல்’ செய்யலாம். தமிழில் கடைத்தெருவில் உலாவலாம். கடைத்தெருவுக்கு உலாவ முடியாது. போய்ச் சேரும் இடத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘போ’, ‘வா’, ‘நுழை’ போன்ற வினை வந்தாக வேண்டும். இவ்வளவும் சரி.

ஆனால் டால்மி சொன்னது திசையும் முறையும் வாக்கியத்தில் எங்கே அமர்கின்றன என்பதைப் பற்றி. உணர்வு எங்கே அமர்கிறது என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கு வந்த விடையை மற்றொன்றின் தலையில் ஏற்றியதுதான் அந்தக் கட்டுரையின் முதற்பிழை. இரண்டாவது பிழை, ‘உணர்வு’ என்று சொல்லிவிட்டு ‘யாருடைய உணர்வு’ என்று கேட்காமல் விட்டது. நடப்பவர் ஒருவர், அவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர், அதைச் சொல்பவர் ஒருவர். மூவரும் ஒரே ஆளாக இருக்கலாம், வேறு வேறாகவும் இருக்கலாம். நடை வினைகளை உணர்வால் பிரிக்க முற்படுகிறவர் இந்த மூவரில் யாருடைய உணர்வு சொல்லில் தங்கியிருக்கிறது என்பதைக் கேட்காவிட்டால் எந்த மொழியிலும் தேற மாட்டார்.

அந்த அம்மையாரின் வாக்கியங்களிலிருந்தே தொடங்குவோம். உலாவு, திரி, அலை என்னும் மூன்று வினைகளை எடுத்துக்கொள்ளுங்கள். காலின் இயக்கத்தைப் படம் பிடித்தால் மூன்றுக்கும் ஒரே படந்தான் கிடைக்கும்: ஒருவர் ஓரிடத்தில் நில்லாமல் இங்கும் அங்கும் போய்வருகிறார். வேகம் இவற்றைப் பிரிக்காது. அடியின் நீளமும் பிரிக்காது. மாலையில் கமர்ஷியல் தெருவில் ஒருவர் நடக்கிறார். அவர் உலாவுகிறாரா, திரிகிறாரா, அலைகிறாரா என்று மேல்மாடியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. கீழே இறங்கி, அவர் யார், எதற்காக வந்தார், அவரைப் பற்றிச் சொல்கிறவருக்கு அவரிடத்தில் என்ன மனத்தாங்கல் என்று தெரிந்தாக வேண்டும். ‘மெதுவாக’, ‘வேகமாக’ என்று அடை சேர்த்து இந்த மூன்றையும் உருவாக்க முடியாது என்பது இதிலேயே தெளிவாகிறது.

‘இதெல்லாம் உங்கள் மன எண்ணம்’ என்று கருத்தரங்கில் ஒருவர் சொன்னார். மன எண்ணம் அன்று, இலக்கணத்தில் காட்டலாம். மூன்று வினைகளோடும் ‘விடு’ என்ற துணைவினையைச் சேர்த்துப் பாருங்கள். ‘பிள்ளையைத் தோட்டத்தில் உலாவ விட்டாள்’ என்றால் அனுமதி. ‘பிள்ளையைத் தெருவில் திரிய விட்டாள்’ என்றால் கவனக்குறைவு. தாயின்மீது பழி விழுகிறது. ‘என்னை அலைய விட்டார்கள்’ என்றால் துன்புறுத்தல். துணைவினை ஒன்றே, அமைப்பு ஒன்றே. அனுமதி, அலட்சியம், கொடுமை என்று பொருள் மூன்றாகப் பிரிவதற்கு முதல்வினையில் உறைந்திருக்கும் உணர்வைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியுமா? உலாவுதல் இனியது, ஆகவே அதற்கு விடுவது சலுகை. அலைதல் துன்பம், ஆகவே அதற்கு விடுவது தண்டனை. மொழிபெயர்த்தவர் ‘விடு’ என்பதற்கு அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்துப் போட்டார். அதற்கு முன்னால் நிற்கும் சொல் அப்பொருளைத் தடுத்து நிறுத்துவதை அவர் காணவில்லை.

இன்னொரு சோதனை வேற்றுமையைப் பற்றியது. உலாவு, திரி என்னும் இரண்டும் சேருமிடத்தை ஏற்காதவை. ‘அலுவலகத்துக்கு உலாவினேன்’, ‘அலுவலகத்துக்குத் திரிந்தேன்’ என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் ‘அலுவலகத்துக்கு அலைந்தேன்’ என்று எல்லோரும் சொல்கிறோம். ஏன் இது மட்டும் நான்காம் வேற்றுமையை ஏற்கிறது? எனக்குத் தோன்றும் விடை இது: அலைதலின் துன்பம் குறிக்கோள் இல்லாததனால் வருவதன்று, குறிக்கோள் இருந்தும் அது கைக்கு எட்டாததனால் வருவது. எனவே குறிக்கோளுக்கு அந்த வினை தன் அமைப்பிலேயே இடம் வைத்திருக்கிறது. கூடவே கவனியுங்கள், ‘ஒரே ஒருமுறை அலுவலகத்துக்கு அலைந்தேன்’ என்பது காதுக்கு ஒவ்வவில்லை. நான்காம் வேற்றுமையோடு வரும்போது அலைதல் பலமுறை போய்வந்ததைக் குறிக்கிறது. இலக்கு, அது கிட்டாமை, மீண்டும் போதல் என்னும் மூன்றும் ஒரே சொல்லில். ஆங்கிலத்தில் ‘வாண்டர்’ என்று எழுதும்போது போவது இந்த மூன்றுமே. வாண்டர் செய்கிறவருக்கு இலக்கே கிடையாது.

இப்போது ‘யாருடைய உணர்வு’ என்ற கேள்விக்கு வருவோம். அலைதலில் உள்ள துன்பம் நடப்பவருடையது. திரிதலில் உள்ள குறை நடப்பவருடையதே அன்று, அது சொல்பவருடையது. ‘எங்க திரியறானோ’ என்று அந்தத் தாய் சொல்லும்போது மகன் ஒருவேளை மிகுந்த மகிழ்ச்சியோடு நண்பர்களுடன் சுற்றிக்கொண்டிருக்கலாம். அவன் மனநிலையைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. அவனைப் பற்றிய தாயின் ஆற்றாமையைத்தான் சொல்கிறது. தன்மையிடத்துக்கு மாற்றிப் பார்த்தால் இது துலங்கும். ‘அலைந்துகொண்டிருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் நாம் இரங்குகிறோம். ‘சும்மா திரிந்துகொண்டிருக்கிறேன்’ என்று சொன்னால் தம்மைத் தாமே இகழ்ந்துகொள்கிறார் என்று சிரிக்கிறோம். குறை சொல்பவருடையது என்பதனால், சொல்பவரும் நடப்பவரும் ஒருவராகும்போது அது தன்னிகழ்ச்சியாகிறது. இது கணக்குப் போல ஒழுங்காக நிகழ்கிறது.

எல்லாம் இப்படி ஒழுங்காகவே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ‘பணத்துக்கு அலைகிறான்’, ‘புகழுக்கு அலைகிறான்’ என்னும்போது அலைதலில் இரக்கம் போய் இளக்காரம் வந்துவிடுகிறது. அங்கே நான்காம் வேற்றுமை ஏற்பது இடம் அன்று, ஆசைப்படும் பொருள். கிட்டாமை என்ற உட்கூறு அப்படியே இருக்கிறது. ஆனால் கிட்டாததற்குக் காரணம் பிறர் அல்லர், அவனுடைய அடங்காத ஆசை என்று சொல்பவர் தீர்ப்பளிக்கிறார். அதேபோல, திரிதலில் உள்ள இகழ்ச்சியும் எல்லாக் காலத்துக்கும் எல்லா ஊருக்கும் உரியதன்று. அச்சொல்லின் பழம்பொருள் திரும்புதல், மாறுதல். பால் திரிவதும் இலக்கணத்தில் திரிபும் திரிசொல்லும் அங்கிருந்து வருபவை. ஈழத்து நண்பர்கள் ‘அவரோடதான் திரியிறனான்’ என்று சொல்லும்போது பழகுகிறேன் என்பதற்கு மேல் பழிப்பு ஏதும் இல்லை. இன்பமாக வெளியே போய்வருவதை அவர்கள் ‘உலாத்துதல்’ என்கிறார்கள். இவற்றை எல்லாம் அறியாமல் சிவாஜிநகர்த் தாயின் ‘திரியறான்’ என்பதை யாழ்ப்பாணத்துக்கோ, யாழ்ப்பாணத்தாரின் சொல்லைச் சிவாஜிநகருக்கோ கொண்டுபோனால் பிழைதான் மிஞ்சும்.

சிவாஜிநகர் என்று சொன்னதால் ஒன்றைக் கூற வேண்டும். இங்கே தமிழ் தனித்து வாழவில்லை. நாராயண பிள்ளை தெருவில் நின்று காது கொடுத்தால் ஒரே வாக்கியத்துக்குள் தமிழும் உருதும் கன்னடமும் கைமாறுவதைக் கேட்கலாம். கன்னடத்தில் ‘திருகாடு’ என்பது ஊரைச் சுற்றிப்பார்ப்பதற்கும் காற்று வாங்குவதற்கும் தயக்கமின்றி ஆளப்படும் சொல். அதைக் கேட்டுப் பழகிய மாணவர் ஒருவர் தமிழில் பேசும்போது ‘மாமாவும் நானும் கப்பன் பூங்காவில் திரிந்தோம்’ என்று தம் மாமாவின் எதிரிலேயே சொல்ல, மாமா முகம் சுளித்ததை நான் கண்டிருக்கிறேன். மாணவர் சொல்ல வந்தது உலாவல். மாமாவுக்குக் கேட்டது வேலையற்ற சுற்றல். மறுபக்கம், ‘அலை’ என்பதில் இரு மொழிகளும் ஒன்றியே நிற்கின்றன. அரசு அலுவலகத்துக்கு நடந்து ஓய்ந்தவர்களைப் பற்றிக் கன்னட நாளிதழ்கள் ‘அலெதாட்ட’ என்றே எழுதுகின்றன. எந்தச் சொல்லில் உணர்வு ஒத்துப்போகிறது, எந்தச் சொல்லில் பிரிகிறது என்பதை அறியாமல் இந்தப் பகுதியில் களஆய்வு செய்வது, தராசு இல்லாமல் கடை போடுவது போன்றது.

இனி, ‘நடையா நடந்தேன்’. எனக்கு அந்த ஒலிப்பதிவில் மிகவும் அரிய சொற்றொடர் இதுதான். மொழிபெயர்ப்பில் ‘நடந்தேன்’ என்று மட்டும் ஆனதும் இதுவே. ‘நட’ என்பது உணர்வு ஏதும் இல்லாத வெறும் வினை என்று எதிர்த்தரப்பினர் சொல்வதை ஒரு கணம் ஏற்போம். அந்த வெறும் வினையிலிருந்து பிறந்த ‘நடை’ என்ற பெயரைப் பாருங்கள். ரசல் சந்தையில் மூட்டை சுமப்பவரிடம் கேட்டால் ‘நாலு நடை ஆச்சு’ என்பார். லாரி ‘இரண்டு நடை’ அடிக்கும். ‘ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா’ என்று வீட்டில் ஏவுகிறார்கள். இங்கே நடை என்பது நடக்கும் பாங்கு அன்று. போய்வருதலை எண்ணும் அலகு. ‘நடையாய் நடந்தேன்’ என்றால் நடைமேல் நடையாகப் போய்வந்தேன் என்பது பொருள். பேருந்தில் போயிருந்தாலும் ஆட்டோவில் போயிருந்தாலும் அவ்வாறே சொல்லலாம். அந்த அம்மையார் நடந்தாரா என்பதே வாக்கியத்திலிருந்து தெரியவில்லை. பல தடவை போய் வெறுங்கையோடு திரும்பினார் என்பது மட்டும் உறுதியாகத் தெரிகிறது. ஆய்வாளர்கள் செய்தது நேர்மாறு. சொல்லப்படாத நடத்தலைக் குறித்துக்கொண்டார்கள். சொல்லப்பட்ட அலுப்பை விட்டுவிட்டார்கள்.

இந்த அமைப்பின் உணர்வு அதற்கே உரியது என்பதைக் காட்ட ஓர் ஒப்பீடு போதும். ‘ஓட்டமாய் ஓடி வந்தான்’ என்பதும் அதே வடிவந்தான். பெயரும் ‘ஆய்’ உருபும் அதே வினையும். ஆனால் அதில் பயனின்மை இல்லை, விரைவுதான் இருக்கிறது. ‘நடையாய் நடந்து’, ‘அலையாய் அலைந்து’ என்பவற்றில்தான் முயன்றும் கிட்டாமை ஏறியிருக்கிறது. ஆகவே உணர்வு வாய்பாட்டிலிருந்து மட்டும் வருவதன்று; வாய்பாடும் சொல்லும் சேர்ந்த இடத்தில் படிந்திருக்கிறது. வினைகளை மட்டும் பட்டியலிட்டு எண்ணுகிற எந்த முறையும் இதைப் பிடிக்காது. ‘விறுவிறுவென்று’, ‘தத்தித் தத்தி’, ‘விடுவிடென்று’ போன்ற குறிப்புச் சொற்களையும் இரட்டைக்கிளவிகளையும் அது பிடிக்காது. தொல்காப்பியர் உரியியலைத் தொடங்கும்போதே இசை, குறிப்பு, பண்பு என மூன்றைப் பிரித்து, மனத்தால் உணரப்படும் குறிப்புக்குத் தனி இடம் கொடுத்தார். அதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்லின் உணர்வைத் தனியே எண்ண வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்ட்ரோல், ட்ரட்ஜ், ஸ்ட்ரைட் என்ற மூன்றையும் மேலே சொன்ன கேள்வியோடு அணுகினால் அவையும் ஒரே தன்மையின அல்ல என்பது புலப்படும். இங்கேதான் நம் பாடப்புத்தகங்களின் ‘பொருத்துக’ பயிற்சிகள் மாணவர்களைக் கெடுக்கின்றன. ஸ்ட்ரோல் என்றால் மெதுவாக நட, ட்ரட்ஜ் என்றாலும் மெதுவாக நட, ஸ்ட்ரைட் என்றால் வேகமாக நட. வேகத்தை வைத்துப் பிரித்தால் முதல் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன! ஒன்று அவசரமின்மையின் இன்பம், மற்றொன்று கால் கனக்கும் சலிப்பு. மகிழ்ச்சியாக என்ற அடையை ட்ரட்ஜோடு சேர்த்தால் ஆங்கிலக் காது திடுக்கிடும். ஸ்ட்ரோலோடு சேர்த்தால் மிகை என்று மட்டும் தோன்றும். ஸ்ட்ரைட் இரண்டிலிருந்தும் வேறு. அதில் உறுதியாக இருப்பது நீண்ட அடியும் தயக்கமின்மையும் மட்டுமே. கோபத்தோடும் அப்படி நடக்கலாம், களிப்போடும் நடக்கலாம், கடமைக்காகவும் நடக்கலாம். அதில் உணர்வு சொல்லுக்குள் பூட்டப்படவில்லை. சூழலிலிருந்து வந்து சேர்கிறது.

அதனால்தான் ஸ்ட்ரைட் என்பதை ‘வீறுநடை போட்டான்’, ‘பீடுநடை போட்டான்’ என்று பெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. பல மொழிபெயர்ப்பு நாவல்களில் இதைக் காண்கிறேன். வீறும் பீடும் பார்ப்பவரின் வியப்பைச் சுமக்கும் சொற்கள். ‘நான் பீடுநடை போட்டு அலுவலகத்துக்குப் போனேன்’ என்று கேலிக்காகவன்றி எவரும் சொல்வதில்லை. ‘திட்டம் வீறுநடை போடுகிறது’ என்று மேடையில் சொல்லலாம், ஏனெனில் அது பாராட்டு. ஆங்கில நாவலில் சினந்து வெளியேறும் ஒரு மனிதன் ஸ்ட்ரைட் செய்தால் அவனைப் பீடுநடை போட வைப்பது, ஆசிரியர் அவனைப் பாராட்டுகிறார் என்று பொய் சொல்வதாகும். ‘எட்டி எட்டி நடந்தான்’ என்றோ, ‘விடுவிடென்று வெளியேறினான்’ என்றோ எழுதினால் அடியின் நீளமும் தயக்கமின்மையும் வந்துவிடும். உணர்வைச் சூழல் பார்த்துக்கொள்ளும். ஸ்ட்ரோலுக்கு ‘உலாவு’ பெரும்பாலும் பொருந்தும், சேருமிடம் குறுக்கிடாதவரை. ஆனால் உலா என்ற சொல்லுக்குப் பின்னால் வேறொரு வரலாறு நிற்கிறது. ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் சோழர்கள் காற்று வாங்கவா வந்தார்கள்? காணப்படுவதற்காக வந்தார்கள், காண்பவர்கள் மயங்கினார்கள், அதுவும் நடந்து வரவில்லை, ஊர்தியில் வந்தார்கள். செப்டம்பர் 8ஆம் நாள் புனித மேரி பசிலிக்காவின் தேர் இந்தத் தெருக்களில் வரும்போது ‘மாதா உலா வருகிறாள்’ என்று இங்குள்ளோர் சொல்வது அந்தப் பழம்பொருளில்தான். ‘உலா வா’ என்பதற்கு ஸ்ட்ரோல் என்று பெயர்த்தால் தேர் பூங்காவுக்குப் போய்விடும்.

சொல்பவரின் உணர்வு துணைவினையில் அமர்வதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ‘நடந்து தொலை’, ‘போய்த் தொலைந்தான்’ என்பவற்றில் எரிச்சல் நடப்பவருடையதன்று. நடப்பவர் ஆடிப்பாடிக்கொண்டு போகலாம்; எரிச்சல் முழுவதும் சொல்பவருடையது. ‘நடையைக் கட்டினான்’ என்பதிலும் அப்படியே. போகிறவனின் அக்கறையின்மையைச் சொல்வது போலத் தோன்றினாலும், உள்ளே ஒலிப்பது சொல்பவரின் ஏளனம். ட்ரட்ஜ் போன்ற சொல்லில் இந்த இருக்கை இல்லை. ஆங்கிலத்திலும் சொல்பவரின் எரிச்சலைச் சொல்ல வழிகள் உண்டு; ஆனால் அவை நடை வினைப் பட்டியலில் அகப்படமாட்டா. அந்தக் கட்டுரையின் முறையையே ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பிடித்து, துணைவினையில் உணர்வு வைக்காத மொழி ஆகவே ஆங்கிலேயர் பிறர்நடையைக் கண்டு எரிச்சல் கொள்வதில்லை என்று யாராவது எழுதினால் அதை எந்த ஆய்விதழ் ஏற்கும்?

கருத்தரங்கு முடிந்தபின் கட்டுரையாளர்களில் ஒருவர், நல்ல மனிதர், ‘அப்படியானால் அட்டவணையை எப்படி நிரப்புவீர்கள்?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. உணர்வு என்ற ஒரு பத்தியை எடுத்துவிட்டு, நடப்பவர், பார்ப்பவர், சொல்பவர் என்று மூன்று பத்திகள் போடச் சொன்னேன். ஆங்கிலத்தைப் பார்த்து நிரப்பக் கூடாது. தமிழ் எழுத்துப்பெயர்ப்பை வைத்து, ஒலிப்பதிவைக் கேட்டபடி நிரப்ப வேண்டும். ஐயம் வந்தால் வினையைத் தன்மையிடத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும், ‘விடு’ சேர்த்துப் பார்க்க வேண்டும், நான்காம் வேற்றுமையோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வட்டாரத்தில் வளர்ந்த இருவரிடம் தனித்தனியே கேட்டு, விடைகள் மாறுபட்டால் மாறுபாட்டையே பதிய வேண்டும். இதனால் வேலை மும்மடங்காகும் என்பதை மறைக்கவில்லை.

இருவரும் தேநீர்க் கடையில் அமர்ந்து அந்த அம்மையாரின் மூன்று வாக்கியங்களை மட்டும் அப்படி நிரப்பிப் பார்த்தோம். ‘நடையா நடந்தேன்’: நடப்பவர் பத்தியில் பயனற்ற முயற்சியின் அலுப்பு, இயக்க முறை தெரியவில்லை, கால்நடை என்று கொள்ளக் கூடாது. ‘அலைய விட்டாங்க’: நடப்பவர் பத்தியில் துன்பம், சொல்பவர் பத்தியில் பிறர்மேல் குற்றச்சாட்டு, குற்றம் சாட்டப்படுபவர் அலுவலர், ‘ஆங்க’ என்ற பலர்பால் ஈற்றில் மறைந்திருக்கிறார். ‘எங்க திரியறானோ’: நடப்பவர் பத்தி வெறுமை, சொல்பவர் பத்தியில் ஆற்றாமை கலந்த குறை, ‘ஓ’ என்ற இடைச்சொல்லில் கவலையும் உண்டு, அதை வினையின் கணக்கில் எழுதக் கூடாது. இதில் ‘ஓ’வைப் பற்றி எங்களுக்குள் அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. அது கவலையா, வெறும் ஐயமா என்பதில் அவர் என்னோடு உடன்படவில்லை. மீண்டும் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டோம். ‘தெரியல’ என்பதில் குரல் இறங்குகிறது. அவர் தம் பத்தியில் ‘ஐயம்’ என்றும் நான் என் பத்தியில் ‘கவலை’ என்றும் எழுதிக்கொண்டோம்.